48 மாத ஆய்வில் எதுவரை நுணுக்கமாகத் திட்டமிடுவது?

கேள்வி: பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்களை ஈரப்பதம் தாங்கும்படி செய்வது பற்றி 4 ஆண்டு ஆய்வு ஒன்றை நடத்துகிறேன். நல்ல கலவையைத் தேர்வது, அதற்கு உறையிடுவது, 10 செ.மீ. சதுர மினி மாட்யூல் செய்வது, கடைசியில் அதை ஓராண்டு வெயிலில் வைத்து அளப்பது என்று வரிசை. தொடங்கும்போதே 48 மாதத்துக்கும் வாரவாரியாக கேன்ட் சார்ட் போட்டோம். 5ஆம் மாதத்திலேயே அது உடைந்துவிட்டது. ரோலிங் வேவ் முறைக்கு மாறச் சொல்கிறார் சக ஆய்வாளர். பக்கத்து மாதங்களை எவ்வளவு நுணுக்கமாக, தூரத்து மாதங்களை எவ்வளவு தோராயமாக வைப்பது? நிதி தருபவர்கள் ‘உங்களிடம் திட்டமே இல்லையே’ என்று சொல்லிவிட மாட்டார்களா? எங்கள் ஈரவெப்ப சேம்பரில் ஒரே நேரத்தில் 40 செல்கள்தான் கொள்ளும். முதல் சுற்றில் 12 கலவைகள், ஒவ்வொன்றிலும் 6 செல்கள் என்று வைத்திருக்கிறோம்.

பதில்: உங்கள் சக ஆய்வாளர் சொல்வது சரி. ஆனால் இந்த முறைக்கு மாறும் பல குழுக்கள் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பக்கத்து மாதங்களை நன்றாக எழுதிவிட்டு, தூரத்து மாதங்களை ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வெறுமையாக விட்டுவிடுகின்றன. தோராயம் என்பது வெறுமை அல்ல. உங்கள் ஆய்வு சிக்கலில் மாட்டுமானால் அது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதனால் பக்கத்து மாதங்களைப் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, தூரத்து மாதங்களுக்கு அதிக இடம் தருகிறேன்.

எதுவரை நுணுக்கம் என்பதை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இன்னும் கைக்கு வராத ஒரு முடிவை நம்பி எந்த வேலை தொடங்குகிறதோ, அந்த வேலைக்கு முன்னால் நுணுக்கம் நிற்க வேண்டும். எந்தக் கலவை வெல்லும் என்று தெரியாமல் அதற்கான உறையிடும் வெப்பநிலையை வாரக்கணக்கில் எழுதுவது வெறும் ஊகம். உங்கள் முதல் சார்ட் உடைந்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்: 3ஆம் மாதத்தையும் 30ஆம் மாதத்தையும் ஒரே நுணுக்கத்தில் எழுதியிருந்தீர்கள்.

உங்கள் ஆய்வின் ஒரு சுற்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். சூரிய மாட்யூல்களுக்கு வழக்கமாகச் செய்யும் ஈரவெப்பச் சோதனை 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் ஓடும். அது கிட்டத்தட்ட 42 நாள், அதாவது 6 வாரம். நீங்களும் அதையே செய்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். செல் செய்ய 2 வாரம், கடைசியில் அளந்து அலச 2 வாரம் சேர்த்தால் ஒரு சுற்று 10 வாரம். நுணுக்கத் திட்டம் ஒரு சுற்றையாவது முழுதாக உள்ளடக்கி, அதன் முடிவைப் பார்த்து வரும் அடுத்த சுற்றையும் தொட வேண்டும். எனவே உங்களுக்கு 6 மாதம் பொருத்தமான நீளம். அதை 3 மாதத்துக்கு ஒருமுறை நீட்டுங்கள். அப்படிச் செய்தால் எந்த நாளில் பார்த்தாலும் குறைந்தது 3 மாதத்துக்கான நுணுக்கத் திட்டம் குழுவின் கையில் இருக்கும்.

இந்த 6 மாதத்துக்குள் வரும் ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவர், சேம்பரில் ஓடும் நேரம் நீங்கலாக 1 முதல் 3 வாரக் கால அளவு, முடியும்போது கையில் இருக்க வேண்டிய பொருள் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். மூன்றாவதில்தான் ஆய்வுக் குழுக்கள் தடுமாறுகின்றன. ‘நிலையான கலவையைக் கண்டுபிடித்தல்’ என்று ஒரு வேலையை எழுதினால் அது என்றைக்கு முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ‘12 கலவைகளும் 1000 மணி நேரச் சோதனை முடிந்து, ஒவ்வொன்றின் எஞ்சிய திறனும் அட்டவணையில் ஏறியிருத்தல்’ என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்பது தெளிவாகத் தெரியும். 12 கலவைகளும் தோற்றாலும் அந்த வேலை முடிந்ததுதான். திட்டம் உறுதி சொல்வது விடை கிடைக்கும் நாளைத்தான். விடை நல்லதாக இருக்கும் என்று அது உறுதி சொல்லக் கூடாது.

இப்படி இறங்கி எழுதும்போதுதான் சேம்பர் உங்கள் கண்ணில் படும். 12 கலவைகள், 6 செல்கள் என்றால் 72 செல்கள். இடமோ 40. எனவே இரண்டு தொகுதி. இரண்டாம் தொகுதியை முதலாவது சேம்பரில் இருக்கும்போதே செய்துவிடலாம் என்றாலும், 2 + 6 + 6 + 2 என்று 16 வாரம் ஆகிவிடும். 26 வாரத்தில் 16 போனால் மிச்சம் 10. அதற்குள் இன்னொரு சிறிய சுற்றுதான் நடக்கும்.

மாற்று வழி ஒன்று உண்டு. முதலில் ஒவ்வொரு கலவையிலும் 3 செல்கள் என்று 36 செல்களை வையுங்கள். 250 மணி நேரத்தில், அதாவது பத்து நாள் கழித்து, அளந்து பாருங்கள். மோசமாக இறங்கிய 6 கலவைகளை வெளியே எடுத்தால் 18 இடம் காலியாகும். மிஞ்சிய 6 கலவைகளிலிருந்து இன்னும் மூன்று மூன்று செல்களைச் செய்து அங்கே வையுங்கள். செய்ய 2 வாரம், முதல் வடிகட்டலுக்கு ஒன்றரை வாரம், புதிய 18 செல்களுக்கு ஒரு வாரம், அவை 1000 மணி நேரத்தை முடிக்க 6 வாரம், அலச 2 வாரம். மொத்தம் 13 வாரத்துக்குள் அடங்கும். 6 மாதத்தில் முழுமையாக இரண்டு சுற்று. ஒரு ஆபத்தைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் வேகமாக இறங்கி அப்புறம் நிலைத்துவிடும் கலவைகளும் உண்டு. வெளியேற்றிய 6 கலவைகளில் இரண்டிலிருந்து தலா ஒரு செல்லையாவது 1000 மணி நேரமும் ஓட விடுங்கள். சேம்பரில் இன்னும் 4 இடம் இருக்கிறதே. அந்த இரண்டில் ஒன்று கடைசியில் மேலே நின்றால், உங்கள் வடிகட்டி நல்லதையும் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, தூரத்துக்கு வருவோம். அங்கே உறையிடுதல், மினி மாட்யூல், வெளிப்புறச் சோதனை என்று மூன்று பெரிய வேலைப் பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் போதும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறது, எந்த முடிவு வந்தால் தொடங்கலாம், குறைந்தது எத்தனை மாதம், அதிகம் எத்தனை மாதம், பட்ஜெட்டில் எந்த அளவு, இவ்வளவுதான். காலத்தை ஒற்றை எண்ணாக எழுத வேண்டாம். மினி மாட்யூல் செய்து சரிபார்க்க 5 முதல் 9 மாதம் என்று எழுதுவது நேர்மையானது. 7 மாதம் என்று எழுதினால் படிப்பவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்.

ஆனால் தூரத்திலும் தோராயமாக விடக் கூடாதவை சில உண்டு. முதலாவது, எப்படிச் செய்தாலும் சுருங்காத காலம். ஓராண்டு வெயில் என்றால் ஓராண்டுதான். இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தாலும் அது 8 மாதம் ஆகாது. அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 46 முதல் 48 வரை அலசலும் அறிக்கையும். 34 முதல் 45 வரை வெளிப்புறச் சோதனை. எனவே மாட்யூல்கள் 33ஆம் மாத முடிவில் கையில் இருக்க வேண்டும். அவற்றுக்கு 9 மாதம் வரை ஆகலாம் என்பதால், எந்தக் கலவை, எந்த உறை என்ற முடிவு 24ஆம் மாத முடிவில் எடுக்கப்பட்டாக வேண்டும். எல்லாம் நன்றாக நடந்து மாட்யூலுக்கு 5 மாதமே ஆகும் என்று வைத்தாலும் 28ஆம் மாத முடிவைத் தாண்டினால் ஓராண்டுச் சோதனை நடக்காது.

48 மாதச் சார்ட்டில் கிடைக்காத ஒன்று இந்தச் சின்னக் கணக்கில் கிடைத்துவிட்டது. 24க்கும் 28க்கும் இடையே உங்களுக்கு 4 மாத இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வின் உண்மையான கையிருப்பு. கலவைத் தேர்வில் எத்தனை சுற்று போகலாம், எப்போது போதும் என்று நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்தே வரும்.

இரண்டாவது, முன்கூட்டியே ஆர்டர் கொடுக்க வேண்டியவை. வெளிப்புற அளவீட்டுக் கருவியை ஆர்டர் கொடுத்து, வரவழைத்து, நிறுவி, அளவு சரிபார்க்க 8 மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 25ஆம் மாத முடிவில் ஆர்டர் போயிருக்க வேண்டும். விலைப்புள்ளி வாங்கி ஒப்புதல் பெற இன்னும் 4 மாதம் பிடித்தால், 21ஆம் மாத முடிவிலேயே கருவியின் விவரக்குறிப்பு எழுதி முடிந்திருக்க வேண்டும். கலவையே 24ஆம் மாதத்தில்தான் முடிவாகிறதே, அதற்கு முன்னால் எப்படி எழுதுவது?

இங்கேதான் இந்த முறையின் நுட்பமான வேலை இருக்கிறது. கருவிக்குத் தெரிய வேண்டியது கலவை அல்ல. மாட்யூல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அதற்குத் தேவை. பெரோவ்ஸ்கைட் செல் ஒன்று சுமார் 1 வோல்ட் தருகிறது. 10 செ.மீ. சதுரத்தை எத்தனை பட்டைகளாகப் பிரித்துத் தொடராக இணைக்கிறீர்கள் என்பதே மாட்யூலின் வோல்டேஜைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஒரு பட்டையின் பரப்பே மின்னோட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கும். கலவை மாறினால் இந்த எண்கள் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். எனவே பரப்பையும் பட்டை எண்ணிக்கையையும் 20ஆம் மாதத்திலேயே முடிவு செய்துவிடலாம், கலவையைத் திறந்தே வைத்திருக்கலாம். தூரத்துப் பொதியிலிருந்து இப்படி ஒரே ஒரு முடிவை மட்டும் முன்னால் இழுத்துவிட்டு, மற்றதைத் தோராயமாகவே விட முடிகிறது. ஒவ்வொரு பொதியையும் எடுத்து, அடுத்தவருக்கு இதிலிருந்து என்ன ஒரு தகவல் முன்னதாகத் தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் வரும்.

அனுமதிகளும் இதே வகை. உங்கள் செல்களில் ஈயம் இருக்குமானால், உடைந்த மாட்யூலிலிருந்து மழைநீரில் அது கரைந்து போகாமல் எப்படித் தடுப்பீர்கள் என்று உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு கேட்கும். அந்தக் கேள்வியை 33ஆம் மாதத்தில் முதல்முறையாகச் சந்திக்காதீர்கள். வெளிப்புறச் சோதனை எப்படி இருக்கும் என்ற அரைப் பக்கக் குறிப்பே அவர்களிடம் பேச்சைத் தொடங்கப் போதும்.

மூன்றாவது, 24ஆம் மாத முடிவில் எதை வைத்துத் தீர்மானிப்பீர்கள் என்பது. அதை இப்போதே எழுதுங்கள். உறையிட்ட செல்கள் 1000 மணி நேரத்துக்குப் பிறகு தொடக்கத் திறனில் இத்தனை சதவீதத்தைத் தக்கவைத்தால் மாட்யூலுக்குப் போகலாம், அதற்குக் குறைந்தால் இரண்டாம் வழி, இன்னும் குறைந்தால் வெளிப்புறச் சோதனையைக் கைவிட்டு ஏன் தோற்கிறது என்ற ஆய்வாக மாற்றலாம் என்று மூன்று கிளைகளாக எழுதுங்கள். விற்பனைக்கு வரும் மாட்யூல்களுக்கான ஐஇசி 61215 தரநிலை இந்தச் சோதனையில் 5 சதவீதத்துக்கு மேல் திறன் இழப்பை ஏற்பதில்லை. ஆய்வு நிலையில் இருக்கும் உங்களுக்கு அது கடுமையாக இருக்கலாம். 10 அல்லது 15 என்று நீங்களே வையுங்கள். எண்ணைவிட முக்கியம், முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்னால் அதை எழுதிவிடுவது. இரண்டு ஆண்டு உழைத்த கலவை மேசையில் இருக்கும்போது எழுதினால், அந்தக் கலவை தேறும்படிதான் எண் அமையும்.

இனி 3 மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தை நீட்டும் கூட்டம். அரை நாள் போதும். பல குழுக்கள் அங்கே தாமதமான வேலைகளின் பட்டியலோடு தொடங்கி அதிலேயே முடித்துவிடுகின்றன. அதற்குப் பதில், கடந்த 3 மாதத்தில் என்ன தெரிந்தது என்று தொடங்குங்கள். அப்புறம் தூரத்துப் பொதிகளை எடுத்து, அந்தத் தகவலால் கால எல்லைகளோ நிபந்தனைகளோ மாறுகின்றனவா என்று பாருங்கள். அடுத்த 3 மாதத்துக்கான வேலைகளைப் பிரிப்பது கடைசியில்தான். பழைய திட்டத்தை அழிக்காமல் தேதியோடு வைத்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். இன்னொரு விதி: பிரித்து எழுதப்படாத பொதியில் யாரும் வேலையைத் தொடங்கக் கூடாது. ‘சும்மா ஒரு மாட்யூல் செய்து பார்க்கலாமே’ என்று ஆர்வத்தில் தொடங்கும் வேலை, கணக்கில் வராமலேயே ஆட்களின் வாரங்களை எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே செய்து பார்க்க வேண்டுமானால் 2 வார வேலையாக எழுதிவிட்டுச் செய்யட்டும்.

இந்த முறை கெட்டுப்போவதற்கு எளிதான வழி ஒன்று உண்டு. முடியாத வேலைகளை ஒவ்வொரு முறையும் அடுத்த 3 மாதத்துக்குத் தள்ளிக்கொண்டே போவது. பார்க்கத் திட்டம் புதிதாக இருக்கும், ஆனால் வேலை முன்னால் குவிந்துகொண்டே போகும். கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரே வேலையின் பெயர் தொடர்ந்து மூன்று திட்டங்களில் வந்தால், அதைத் தள்ளாதீர்கள். அதை விடுவதா, வேறு ஆளிடம் தருவதா, சிறிதாக்குவதா என்று அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். இன்னொரு அடையாளம், பொதி நெருங்கியும் அதன் கால எல்லை குறுகாமல் இருப்பது. இப்போது 5 முதல் 9 மாதம் என்று இருக்கும் மாட்யூல் வேலை, 22ஆம் மாதத்திலும் 5 முதல் 9 என்றே இருந்தால் அதைப் பற்றி யாரும் எதுவும் கற்கவில்லை என்று பொருள்.

பணத்திலும் இதே கதை நடக்கும். பக்கத்து வேலைக்கு ஒதுக்கியதைவிடச் செலவு கூடும்போது தூரத்துப் பொதியின் பணத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுவார்கள். திட்டக் கணக்காளர்கள் இதை ரப்பர் பேஸ்லைன் என்பார்கள். மாத அறிக்கையில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியும், வெளிப்புறச் சோதனை வரும்போதுதான் பணம் இல்லை என்பது தெரியவரும். ஒவ்வொரு பொதிக்கும் ஒதுக்கியதைத் தனித்தனியாக வைத்து, எதிர்பாராததற்கு என்று ஒரு தொகையை வேறாக ஒதுக்குங்கள். பக்கத்து வேலைக்கு மேலே தேவைப்பட்டால் அந்தத் தொகையிலிருந்து மட்டும், எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு எடுக்கட்டும்.

நிதி தருபவர்கள் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. அவர்களுக்குத் தேவை 48 மாதத்தின் வாரக்கணக்கு அல்ல, உங்களிடம் எதைப் பிடித்துக் கேட்கலாம் என்பதே. அதை ஒரே பக்கத்தில் கொடுங்கள். அடுத்த 6 மாதத்தின் வேலைகளும் அவை முடியும் நாள்களும், 24ஆம் மாதத் தீர்மானமும் அதன் மூன்று கிளைகளும், 33ஆம் மாத எல்லை, தூரத்துப் பொதிகளின் கால எல்லைகள், மொத்தப் பணம். இதில் 6 மாத வேலைகளும் தீர்மான நாளும் மொத்தப் பணமும் உங்கள் உறுதிமொழி. மற்றவை இன்றைய மதிப்பீடு என்று வெளிப்படையாக எழுதுங்கள். இது தளர்வான முறை என்று யாராவது சொன்னால், அமெரிக்க அரசின் பெரிய ஒப்பந்தங்களில் பயன்படும் இஐஏ-748 என்ற கண்காணிப்புத் தரநிலையே தூரத்து வேலைகளைப் பிரிக்காத பொதிகளாக வைக்க அனுமதிக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பொதிகளுக்கும் காலமும் பணமும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

இன்னொரு விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. உங்கள் குழுவில் முனைவர் பட்ட மாணவர்கள் இருப்பார்கள். திட்டம் கிளை மாறலாம், ஆனால் அவர்களுடைய ஆய்வேடு நடுவில் கிளை மாறினால் அவர்களுக்கு ஆண்டுகள் போய்விடும். எந்த மாணவரின் முழு ஆய்வேட்டையும் 24ஆம் மாதத் தீர்மானத்துக்குப் பிந்தைய பொதியின்மேல் வைக்காதீர்கள். கலவைகள் ஏன் ஈரப்பதத்தில் சிதைகின்றன என்ற கேள்வியை ஒருவரிடம் கொடுத்தால், மாட்யூல் வென்றாலும் தோற்றாலும் அவருக்கு எழுத விஷயம் இருக்கும். மாட்யூல் செய்பவர் பட்டம் முடித்த, ஒப்பந்தத்தில் வரும் ஆய்வாளராக இருக்கட்டும். அவரை 25ஆம் மாதத்திலிருந்து எடுத்தால் போதும். ஆள் தேடும் வேலைக்கு 4 மாதமாவது ஆகுமென்பதால், அந்த விளம்பரம் 20ஆம் மாதத்தின் நுணுக்கத் திட்டத்தில் ஒரு வேலையாக வந்துவிட வேண்டும். விளம்பரத்திலேயே, மாட்யூல் வேலை தொடருமா என்பது 24ஆம் மாத முடிவில்தான் உறுதியாகும் என்பதையும் எழுதிவிடுங்கள். தெரிந்து வருபவர்தான் உங்களுக்கு வேண்டும்.